மணி அடிக்காத வீடு

“நல்லாத்தான் பேசினீங்க புள்ள. ஆனா ஆரப் பத்திப் பேசினீங்க எண்டுதான் எனக்கு வெளங்கல்ல.”

2019இல் எங்கள் தபாலதிபர் ஓய்வு பெற்றபோது நடந்த பிரியாவிடைக் கூட்டத்தில் நான் பேசி முடித்து, கை தட்டல் வாங்கி, வடையும் தேநீரும் கையில் கொடுக்கப்பட்ட பிறகு அவருடைய மனைவி என்னிடம் சொன்னது இது. குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே, என் தோளில் கை வைத்துச் சொன்னார். அதனால்தான் அது போகவே இல்லை. கடிந்து சொல்லியிருந்தால் நானும் மனதுக்குள் ஒரு பதில் சொல்லிவிட்டு மறந்திருப்பேன்.

என் மருமகன் அந்தப் பேச்சைக் கைபேசியில் பதிவு செய்திருந்தான். இரண்டு நாள் கழித்துக் கேட்டுப் பார்த்தேன். 22 நிமிடம். அதில் முதல் மூன்று நிமிடத்துக்கு மேல் வெறும் விளிப்பு: தலைவர் அவர்களே, பிரதம அதிதி அவர்களே, விசேட அதிதிகளே, ஓய்வு பெற்ற முன்னாள் உத்தியோகத்தர்களே... எனக்கு முன் பேசிய நான்கு பேரும் அதே பட்டியலை அதே ஒழுங்கில் சொல்லியிருந்தார்கள். பிறகு பிறப்பு, படித்த பாடசாலை, முதல் நியமனம், இடமாற்றங்கள். அதையும் தலைமையுரையில் ஒருமுறை சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகு பதினைந்து நிமிடம் கடமை, கண்ணியம், கட்டுப்பாடு, அர்ப்பணிப்பு, ஈடு செய்ய முடியாத வெற்றிடம். பதிவில் ஏழாவது நிமிடம் தொடங்கி பின்வரிசையில் பிளாஸ்டிக் கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்கிறது. என் குரலுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை.

எழுதிய தாள்கள் கைப்பையில்தான் கிடந்தன. சிவப்புப் பேனையை எடுத்து, வேறு எந்த உத்தியோகத்தரின் பிரியாவிடையிலும் ஒரு சொல் மாற்றாமல் வாசிக்கக்கூடிய வாக்கியங்களை எல்லாம் வெட்டிக்கொண்டு வந்தேன். நான்கு தாளில் மிஞ்சியது ஒன்றே ஒன்று: “மழை நாட்களில் காசுக்கட்டளைப் படிவங்கள் நமுத்துப் போகாமல் இருக்க அவற்றை ஒரு ஐஸ்கிரீம் பெட்டிக்குள் போட்டு வைப்பார்.” அதையும் போகிற போக்கில், கண்ணியத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் நடுவில் சொருகியிருந்தேன். அந்த ஐஸ்கிரீம் பெட்டி அவருடைய வீட்டிலிருந்து வந்தது. மூடியில் மகளுடைய பெயர் எழுதியிருக்கும். அதை மட்டும் எடுத்து மூன்று நிமிடம் பேசியிருந்தால் அந்த அம்மா அப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

நான்கு நிமிடம்

போன வருடம் எங்கள் தபாற்காரர் ஓய்வு பெற்றார். பெயரைப் போடவில்லை, போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். எங்கள் தபாலகம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். அவர் வீடு வாவிக்கு இந்தப் பக்கம் இல்லை, கிழக்கே ஆரையம்பதிப் பக்கம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை ஒவ்வொரு நாளும் சைக்கிளோடு, நாங்கள் பாதை என்று சொல்லும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்து வேலைக்கு வந்தவர். காற்று மாறி பாதை அசையாமல் நின்ற நாட்களின் கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். ஆனால் அதுவும் நான் சொல்லவந்த கதை இல்லை.

கூட்டத்தில் தபாலகத்தின் சார்பில் நீதான் பேச வேண்டும் என்றார்கள். சரி என்றேன், ஒரே நிபந்தனையோடு: நான்கு நிமிடம். நிகழ்ச்சி நிரலைப் பார்த்துத்தான் அந்தக் கணக்கு. மங்கள விளக்கு, இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, அதன் பிறகு ஏழு பேர், பொன்னாடை, வாழ்த்துப்பா வாசிப்பு, ஏற்புரை, நன்றியுரை. ஏழு பேரும் பத்து நிமிடம் பேசினால் எழுபது நிமிடம். மாலையும் கழுத்துமாக மின்விசிறி எட்டாத இடத்தில் அந்த மனிதர் உட்கார்ந்திருப்பார். அவர் பேச வேண்டிய ஏற்புரைக்கு ஆட்கள் எழும்பத் தொடங்கிவிடுவார்கள். இதை நான் எத்தனையோ கூட்டத்தில் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் ஒரு பத்திரிகைக் கட்டுரையை மேடையில் பேசும் வேகத்தில் சத்தமாக வாசித்து நேரம் பிடித்தேன். எனக்கு ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய எண்பது சொல் வருகிறது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அவசரப்பட்டால் பின்வரிசைக்குக் குழம்பிப் போகும். அப்படியானால் நான்கு நிமிடத்துக்கு 320 சொல். சிரிப்புக்கும் கை தட்டலுக்கும், தொண்டை அடைத்தால் அதற்கும் கொஞ்சம் விட வேண்டும். 250க்கு மேல் எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். 250 சொல் என்பது ஒரே ஒரு சம்பவத்துக்குத்தான் போதும். இரண்டாவதைச் சேர்த்தால் இரண்டும் பட்டியலாகிவிடும்.

எது நடக்காமல் போகும்?

அந்த ஒரு சம்பவத்தை எங்கே தேடுவது? முதலில் எல்லோரும் கேட்கிற கேள்வியைத்தான் நானும் கேட்டேன்: அண்ணன் எப்படிப்பட்டவர்? தங்கமான மனிசன், நேரத்துக்கு வருவார், ஒருத்தரோடயும் சண்டை இல்லை. இந்தக் கேள்விக்கு இதைத் தவிர வேறு பதில் வராது. கேட்கப்பட்டவர்மீது பிழையும் இல்லை.

கேள்வியை மாற்றினேன்: “அண்ணன் லீவில நிண்டா இஞ்ச எது நடக்காமப் போகும்?”

கருமபீடத்தில் இருக்கும் காத்தான்குடி நானா பேனையைக் கீழே வைத்தார். “ஒரு நாள் ஒரு மனிசி சண்டைக்கு வந்தது ஞாபகமில்லையா?” என்றார். எனக்கு ஞாபகம் இல்லை. நான் பயிற்சிக்குப் போயிருந்த கிழமையாம். அண்ணனுக்கு டெங்கு வந்து படுத்துவிட்டார். பதிலுக்கு வந்த பொடியன் சுறுசுறுப்பானவன், அண்ணனைவிட முக்கால் மணித்தியாலம் முன்னரே சுற்றை முடித்துவிட்டுத் திரும்பினானாம். அடுத்த நாள் அந்த மனிசி வந்து, “அவன் வேலியடியில நிண்டு மணி அடிச்சி, ஊருக்கே கேக்கிற மாதிரி என்ட பேரச் சொல்லி, பதிவுத் தபால் வந்திருக்கு கையெழுத்து வையுங்க எண்டுறான். பழைய ஆள் அப்படிச் செய்யமாட்டாரே” என்று கத்தியிருக்கிறார். பொடியன் செய்தது சட்டப்படி சரி. பதிவுத் தபாலைக் கையெழுத்து வாங்கித்தான் கொடுக்க வேண்டும். பழைய ஆள் அப்படி என்னதான் செய்வார் என்று அந்த மனிசியிடம் யாரும் கேட்கவில்லை.

நான் அண்ணனிடமே கேட்டேன். பின்னேரம், கடிதப் பையை உதறி மடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். முப்பது வருடத்துக்கு மேல் உறையைத் தொட்டுப் பழகிய கைக்கு, பிரிக்காமலே தெரியும். வெளிநாட்டுக் கடிதம், கலியாணக் காட், பரீட்சை முடிவு, இதற்கெல்லாம் ஒழுங்கை முனையிலேயே மணி தொடங்கிவிடும். வங்கி அறிவித்தல், நீதிமன்றக் கடிதம், கடன் கம்பனியின் நீள உறை என்றால் மணி இல்லை. சைக்கிளை இரண்டு வீடு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போவார். “மணிச் சத்தம் கேட்டா நாலு வீட்டு ஆக்கள் எட்டிப் பாப்பாங்க மனே. சந்தோசத்த நாலு பேர் பாத்தாப் பரவால்ல.”

எனக்கு ஆனந்தம். பேச்சு கிடைத்துவிட்டது! அன்றிரவே எழுதினேன். நானா சொன்ன மனிசி, வங்கி, வேலி, எல்லாம் அப்படியே. அடுத்த நாள் காலையில் நானாவிடம் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். “நல்லாருக்கு. ஆனா அந்த மனிசியும் கூட்டத்துக்கு வருமே தங்கச்சி” என்றார்.

வரும். அந்தத் தெரு முழுக்க வரும். பெயரைச் சொல்லாவிட்டால் என்ன, சுற்றில் நூற்றைம்பது வீடுகள்கூட இல்லாத ஊரில் “ஒரு மனிசி” என்று சொன்னாலே பாதிப்பேர் திரும்பிப் பார்ப்பார்கள். யாருக்கும் தெரியாமல் இருக்க அண்ணன் இரண்டு வீடு தள்ளிச் சைக்கிளை நிறுத்தியதை, நான் ஒலிவாங்கியில் மணி அடித்துச் சொல்லப் போகிறேன். மதியம் அவரும் அதையேதான் வேறு மாதிரிச் சொன்னார்: “அதச் சொல்லாதீங்க. அது அவங்கட கதை.”

பிரியாவிடைப் பேச்சில் விவரம் வேண்டும், நுணுக்கம் வேண்டும் என்று எனக்கு அதுவரை தெரிந்திருந்தது. அந்த விவரம் யாருக்குச் சொந்தம் என்று நான் யோசித்திருக்கவில்லை. ஐஸ்கிரீம் பெட்டி தபாலதிபருடையது, அதைச் சொல்லலாம். வங்கிக் கடிதம் அண்ணனுடையது இல்லை, அவர் கொண்டுபோய்க் கொடுத்தது மட்டுமே. சம்பவத்தை விட்டுவிட்டு “பிறர் துயரை மதித்தவர்” என்று பொதுவாகச் சொல்லலாம்தான். அது மறுபடியும் சிவப்புப் பேனை வெட்டுகிற வாக்கியம்.

இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை. மூன்றாம் நாள் இரவு அம்மாவிடம் புலம்பினேன். அம்மா மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கத்தியை நிறுத்தாமலே, “ஏன், நம்மட வீட்டுக்கும் அப்படித்தானே வந்தான்” என்றார்.

எனக்குத் தெரியாத கதை. 1998. நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்திய மாரி விதைப்புக்கு அப்பா அம்மாவின் காப்புச் சோடியைப் பட்டணத்து வங்கியில் அடகு வைத்திருந்தார். வயல் வெள்ளத்தில் போனது, வட்டி ஏறியது, திருப்பவில்லை என்றால் ஏலத்தில் போகும் என்று பதிவுத் தபாலில் அறிவித்தல் வந்தது. அண்ணன் பின்படலையால் கிணற்றடிக்கு வந்து, “அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க” என்று கேட்டிருக்கிறார். செம்பில் வாங்கிக் குடித்தாராம். குடித்து முடித்து, செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அதற்கு அடியில் பிடித்தபடி உறையைக் கொடுத்தாராம். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டுதான் நின்றாவாம். “அவன் தண்ணிக்கு வந்தான் எண்டுதான் அவ இப்பவும் நினைச்சிருப்பா” என்றார் அம்மா.

சொல்லலாமா என்று கேட்டேன். “நம்மட கதைதானே. காப்பையும் திருப்பிட்டம். சொல்லன்.”

பேசியது

ஒரு சிறிய சிக்கல் மிச்சம் இருந்தது. சேவைக் காலம் எத்தனை வருடம்? அண்ணனின் தனிப்பட்ட கோப்பில் நிரந்தர நியமனம் 1991. அவர் வாயால் சொல்லும் கணக்கு 1988இல் தொடங்குகிறது. மூன்று வருடம் பதில் தபாற்காரராக, வேலை இருந்த நாளுக்கு மட்டும் கூலி வாங்கி ஓடியிருக்கிறார். கோப்பு அந்த ஓட்டத்தை எண்ணாது. இப்படியான கூட்டங்களில் கோப்பு இலக்கத்தை மட்டும் சொல்லி, கேட்டுக்கொண்டிருக்கும் ஆளின் முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் சொல்வது என்று வைத்துக்கொண்டேன்.

விளிப்பு என்னவென்றால், எங்கள் ஊரில் அதை அடியோடு விட்டுவிட முடியாது, மரியாதைக் குறைவாகிவிடும். தலைவரையும் அண்ணனின் குடும்பத்தையும் மட்டும் விளித்து, மிச்சம் எல்லோரையும் ஒரே வணக்கத்தில் சேர்த்தேன். பெரிய எழுத்தில் இரண்டு தாளில் அச்சடித்தேன். கைபேசியைப் பார்த்து வாசித்தால் நடுவில் அழைப்பு வரும், அதோடு மேடையில் நிற்பவர் குறுஞ்செய்தி பார்ப்பது போலவே இருக்கும்.

பேசியது இதுதான்:

“தலைவர் அவர்களே, அண்ணி, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். அண்ணனின் சேவை கோப்பில் 34 வருடம். அவருடைய கணக்கில் 37. கோப்பு எண்ணாத மூன்று வருடமும் அவர் இதே சுற்றைத்தான் சுற்றினார், அதனால் நான் 37 என்றே சொல்லப் போகிறேன்.

அண்ணனின் சைக்கிள் மணி உங்களுக்கு எல்லாம் தெரியும். ஒழுங்கை முனையில் தொடங்கி வீட்டு வாசல்வரைக்கும் விடாமல் அடிப்பார். என்னுடைய பரீட்சை முடிவு வந்த அன்று அடித்த அடியில் எங்கள் கோழிகள் கூரையில் ஏறின. ஆனால் சில நாட்களில், சில வீடுகளுக்கு அவர் மணி அடிக்கமாட்டார். ஏன் என்று நான் சொல்லப் போவதில்லை.

அந்த வீடுகளில் ஒன்று எங்கள் வீடு. 1998இல் ஒரு நாள் அம்மாவின் காப்புச் சோடி ஏலத்துக்குப் போகிறது என்று கடிதம் வந்தது. அண்ணன் கிணற்றடிக்கு வந்து தண்ணீர் கேட்டார். குடித்தார். செம்புக்கு அடியில் வைத்துக் கடிதத்தைக் கொடுத்தார். பார்த்தவர்களுக்கு, தாகத்தில் வந்த ஒரு தபாற்காரர். எனக்கே 27 வருடம் தெரியாது. அவரோடு ஒரே அறையில் 16 வருடம் வேலை செய்திருக்கிறேன், ஒரு நாளும் என்னிடம் சொல்லவில்லை.

அம்மா அந்தக் காப்பை இன்று போட்டுக்கொண்டு வந்திருக்கிறா.

அண்ணன், நாளைக்குப் புதியவர் ஒருவர் உங்கள் பையை எடுக்கிறார். எந்த ஒழுங்கையில் நாய் கடிக்கும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள், பார்த்தேன். மற்றதையும் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அண்ணி, 37 வருடம் எங்களுக்குத் தந்ததற்கு நன்றி. இனி அவர் உங்கள் சுற்று.”

மூன்று நிமிடம் ஐம்பது விநாடி. கோழி வந்த இடத்தில் சிரித்தார்கள். “ஏன் என்று நான் சொல்லப் போவதில்லை” என்ற இடத்தில் நான் நினைத்ததற்கு மேல் அமைதியாக இருந்தது. தாளிலிருந்து தலையை நிமிர்த்தியபோது, அந்த அமைதியில் சிலர் குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் என்று நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் எழுதமாட்டேன். ஒன்று மட்டும் பிசகியது: “அம்மா அந்தக் காப்பை” என்ற வரியில் குரல் போய்விட்டது, நின்று தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று. தண்ணீர்ப் போத்தலை நீட்டியது அண்ணன். கூட்டம் அதற்கும் சிரித்தது.

ஏற்புரைக்கு எழும்பினார். ஏழு பேரில் இருவர் கடைசி நேரத்தில் தங்கள் பேச்சைச் சுருக்கிக்கொண்டதால் ஆட்கள் இன்னும் இருந்தார்கள். எல்லோருக்கும் நன்றி சொன்னார், பாதைக் கதை ஒன்று சொன்னார், அதிகாரிகளுக்கு ஒரு கோரிக்கை வைத்தார், புதிய ஆளுக்கு நல்ல டயர் போட்ட சைக்கிள் கொடுக்கச் சொல்லி. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தங்கச்சி சொன்னதில ஒரு திருத்தம். அண்டைக்கு மணி அடிக்காததுக்கு வேற காரணம் ஒண்டும் இல்ல. என்ட சைக்கிள் மணி உடைஞ்சி கிடந்தது.”

மண்டபம் அதிரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முகம் சூடாகிப் போயிருந்தது, ஒரு உடைந்த மணியை வைத்தா இவ்வளவும் பேசினோம் என்று.

திரும்பி வரும்போது முச்சக்கர வண்டியில் அம்மா காப்பைக் கழற்றிக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“பொய் சொல்றான்” என்றார். “பக்கத்து வீட்டு மாமிக்கு அண்டைக்கு மகன்ட காயிதம் வந்தது. அவக்கு அடிச்ச மணி கிணத்தடியில எனக்குக் கேட்டது.”